அதே அடர்த்தி, இரண்டு மடங்கு ஆரம்

கரும்பலகையில் கோள் வரையும்போது பெரியவள் காம்பஸ் எடுப்பதில்லை. முழங்கையைப் பலகையில் ஊன்றுவாள். சாக்பீஸ் பிடித்த கை அந்த முழங்கையைச் சுற்றி மெல்லக் கிளம்பி, ஒருமுறை மணிக்கட்டை மாற்றிப் பிடித்து, கிளம்பிய புள்ளியிலேயே வந்து முட்டும். பிறகு ஒரு எட்டு பின்வாங்கித் தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். வட்டம் எங்கேனும் நசுங்கியிருந்தால் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி முழங்கையை ஊன்றுவாள். முழங்கையில் வெள்ளைப் பொடி ஒட்டாத நாள் அவளுக்கு விடுமுறை நாள்.

சின்னவள் கோளே வரைவதில்லை. அதுதான் பெரியவளுக்கு வயிற்றெரிச்சல்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு, ஒரே வீட்டில் மேலும் கீழுமாகக் குடியிருந்து, ஒரே நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தில் இயற்பியல் நடத்தினார்கள். பெரியவள்தான் வேலைக்குச் சொல்லி அழைத்து வந்தாள். ‘நம்ம வீட்டுப் பொண்ணு, நல்லா நடத்துவா’ என்று டைரக்டரிடம் சொன்ன தன் வாயை அவள் பின்னாளில் பலமுறை மனசுக்குள் அறைந்திருக்கிறாள்.

கோளின் ஈர்ப்பை விட்டு ஓடத் தேவையான விடுபடு வேகம் என்றால் பெரியவள் அடியிலிருந்து வருவாள். பொருளின் இயக்க ஆற்றலும் ஈர்ப்பு ஆற்றலும் சேர்ந்து சுழியாக வேண்டும்; அதிலிருந்து v = √(2GM/R) பிறக்கும். பலகை நிறையும்போது மணி அடிக்கும். சின்னவள் ஒரே வரி எழுதுவாள்: “ஆரம் மாறுதா? நிறை மாறுதா? மாறுறதை மட்டும் எடு, மத்ததைத் தூக்கிக் கடாசு.” சுற்றுக்காலத்தின் வர்க்கம் ஆரத்தின் மும்மடியோடு போகும் என்பதை, “ஆரம் நாலு மடங்கா? காலம் எட்டு மடங்கு. அடுத்தது!” என்று சொடக்குப் போட்டு முடித்துவிடுவாள். பக்கத்து அறையிலிருந்து அந்தச் சொடக்கும் சிரிப்பும் சுவரைத் தாண்டி வரும். பெரியவளின் பிள்ளைகள் கழுத்தைத் திருப்பாமல் காதை மட்டும் திருப்புவார்கள். அவளுக்கு அது தெரியும்.

மறுமுறை தேர்வு எழுதுகிறவர்களுக்கான சிறப்பு வகுப்பு எப்போதும் பெரியவளுடையது. மையத்தின் பெயர் வெளியே பேசப்படுவதே அந்த வகுப்பால்தான். இந்த முறை டைரக்டர் தொண்டையைச் செருமினார். “ஈர்ப்பியல் டெஸ்ட்ல எந்த செக்‌ஷன் சராசரி மேல வருதோ, அவங்களுக்கே ஸ்பெஷல் கிளாஸ். குடும்பத்துக்குள்ள நான் சண்டை மூட்டினேன்னு வரக்கூடாது, பாருங்க.”

மையத்தில் ஒரு முறை உண்டு. ஒருவர் வினாத்தாள் எடுத்தால் இன்னொருவர் போட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இந்த முறை எடுப்பது பெரியவள், பார்ப்பது சின்னவள். பதினேழு, பதினெட்டு இரண்டுக்கும் பொதுவாக ஒரு குறிப்பு: ஒரு கோளின் பரப்பை ஒட்டிச் சுற்றும் துணைக்கோளின் சுற்றுக்காலம் T, அங்கே விடுபடு வேகம் v. அதே நிறையும் இரண்டு மடங்கு ஆரமும் கொண்ட இன்னொரு கோளில் இவை என்ன ஆகும்? சின்னவள் டீ ஆறுவதற்குள் போட்டுவிட்டாள். காலம் 2√2 T, வேகம் v/√2. “அழகான பேப்பர்க்கா” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்த வேகம் பெரியவளை என்னவோ செய்தது.

அச்சுக்கு அனுப்புமுன் கோப்பைத் திறந்து, ‘நிறையும்’ என்பதை அழித்து ‘அடர்த்தியும்’ என்று அடித்தாள்.

ஒரே சொல். ஆனால் அடர்த்தி அதே என்றால் ஆரம் இரட்டிக்கும்போது நிறை எட்டு மடங்காகும். விடுபடு வேகம் இரட்டிக்கும். பரப்பை ஒட்டிய சுற்றுக்காலமோ இம்மியும் மாறாது. அடியிலிருந்து வருகிறவனுக்கு இது தெரியும். சொடக்குப் போடுகிறவன் ஆரத்தை மட்டும் பார்த்து, 2√2-க்கு ஓடிப்போய்க் குழியில் விழுவான். நாலு விடைகளில் T-யும் 2v-யும் தவறான விடைகளாக ஏற்கெனவே இருந்தன. எதையும் தொட வேண்டியதில்லை என்று அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியில் விடைக்குறிப்பையும் தொடவில்லை.

முடிவு வந்தபோது சின்னவளின் பிரிவு மேலே இருந்தது. பக்கத்து அறையில் மேசை தட்டினார்கள்.

பெரியவளுக்குப் புரியவில்லை. அவளுடைய சிறந்த மாணவி, மூக்கில் கண்ணாடி நிற்காமல் ஒற்றை விரலால் தள்ளிக்கொண்டே இருப்பவள், விடைத்தாளோடு வந்து நின்றாள்.

“மிஸ், பதினேழு T-ன்னு போட்டேன், பதினெட்டு 2v. ரெண்டும் தப்புன்னு வந்திருக்கு. மைனஸ் வேற.”

பெரியவள் குறிப்பைப் படித்தாள். விடைக்குறிப்பைப் பார்த்தாள். நிறைக்கான விடைகள் அங்கே அப்படியே உட்கார்ந்திருந்தன. குழியில் விழ வேண்டியவர்களுக்கு நாலு நாலு மதிப்பெண். தாண்டிப் போனவர்களுக்கு ஒவ்வொன்று கழித்தல்.

வாயைத் திறந்தால், கையெழுத்தான பிறகு தாளில் கை வைத்தது வெளியே வரும். மூடிக்கொண்டால் சிறப்பு வகுப்பு போகும். அதுவும் போகட்டும், மானமாவது மிஞ்சும் என்றுதான் முதலில் நினைத்தாள்.

“பார்க்கிறேன், போ.”

அவள் போகவில்லை. “நான் முழுசா டிரைவ் பண்ணித்தான் மிஸ் போட்டேன். பக்கத்து செக்‌ஷன்ல எல்லாரும் ரேஷியோல ஒரே வரி. இனிமே நானும் சின்ன மிஸ் மாதிரியே போட்டுடறேன் மிஸ். டைமும் மிச்சம்.”

பெரியவளுக்குச் சுருக்கென்றது. வகுப்பு போவதைக்கூட விழுங்கியிருப்பாள். இவளையும் அவளுக்குத் தாரை வார்ப்பதா? சரியாகப் போட்ட ஒரே காரணத்துக்காகவா? நியாயம் பார்த்து எழுந்தாள் என்று யாரும் சொல்ல வேண்டாம். பொறாமைதான் அவளை நாற்காலியிலிருந்து எழுப்பியது.

டைரக்டர் அறையில் சின்னவளும் இருந்தாள், கையில் லட்டோடு.

“பதினேழு, பதினெட்டுக்கு கீ தப்பு சார். என் பிள்ளைங்க போட்டதுதான் சரி.”

சின்னவள் தாளை வாங்கிப் பார்த்தாள். “இதுல அடர்த்தின்னு இருக்கு. நான் பார்த்தப்ப நிறைன்னுல்ல இருந்துச்சு அக்கா?”

“நான்தான் மாத்தினேன்.”

“எதுக்கு?”

“உன் பசங்க விழணும்னு.”

டைரக்டர் மேசை மேலிருந்த கண்ணாடி உருண்டையை உருட்டினார். நிறுத்தினார். “பாவம், வலையை நீங்களே விரிச்சு உங்க பசங்களையே பிடிச்சிருக்கீங்களே மேடம்” என்றார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

திருத்திக் கூட்டியதில் பெரியவளின் பிரிவு ஏறிவிட்டது. ஆனாலும் சிறப்பு வகுப்பைச் சின்னவளுக்கே கொடுத்தார். கையெழுத்துக்குப் பிறகு கை வைத்த தாளுக்குப் பரிசு கிடையாது என்றார். கண்ணாடிக்காரி மட்டும் இரண்டு விடைக்கும் மதிப்பெண் வாங்கிக்கொண்டு, பலகை நிறைய எழுதும் வகுப்பிலேயே தொடர்ந்தாள்.

வீட்டுக்குப் போக ஒரே ஸ்கூட்டர். சின்னவள் ஓட்ட, பெரியவள் பின்னால் பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தோளைப் பிடிக்கவில்லை.

“பிடிச்சுக்குங்க அக்கா, பள்ளம் வருது.”

“தெரியுது, ஓட்டு.”

அக்கா தாளில் கை வைத்ததைச் சின்னவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையும் பெரியவளுக்கு எரிந்தது. இவள் நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே என்று அடுப்பைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

மாதங்கள் போய், ஒரு ஞாயிறு மதியம் சாப்பாட்டில் கொழுந்தன்தான் வாய் தவறினான். “அண்ணி, உங்களுக்குத் தெரியுமா? போன வருஷம் வெப்பவியல் பேப்பர் இவதான எடுத்தா? வேணும்னே நீள நீளக் கணக்காப் பொறுக்கிப் போட்டா. அக்கா பசங்க அடியிலேர்ந்து போட்டுப் போட்டு நேரம் பத்தாம முழிக்கட்டும்னு.”

சின்னவள் அவன் காலை மேசைக்கடியில் மிதித்தது எல்லாருக்கும் கேட்டது.

அந்தத் தாளைப் போட்டுப் பார்த்தவள் பெரியவள்தான். நீளமான கணக்குகளைக் கண்டதும் மனம் குளிர்ந்து, ‘மிக நல்ல தாள்’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தாள்.