லேபிள் வெட்டிய சட்டைகள்

நாமக்கல்லில் எங்கள் சட்டைக்கடையின் பெருமையே அங்கே பேரம் கிடையாது என்பதுதான். சொந்த பிராண்டு, ஒரே விலை. இந்தப் பெருமையோடு என் வீட்டுக்காரர் ஒரு வருஷம் கிளிப்பச்சையில் பூப்போட்ட சட்டைகளாகத் தைத்துக் குவித்தார். அடுத்த சீசனே அதுதான் என்று திருப்பூரில் யாரோ சொன்னார்களாம். சீசன் வந்தது, போனது. சட்டை மட்டும் போகவில்லை.

பின்னால் கிடந்ததை நான் வாசலுக்குக் கொண்டுவந்து, வேட்டியோடு ஜோடி சேர்த்து மாட்டினேன். கொஞ்சம் நகர்ந்தது. போர்வெல் போடும் ரிக் லாரி முதலாளி ஒருவர் தனக்கும் தம்பிகளுக்குமாக முழு விலைக்கே எடுத்தார். மகள் கல்யாணத்துக்கும் எங்களிடமே எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த ஆர்டரை நம்பித்தான் கடை ஓடிக்கொண்டிருந்தது. மிச்சச் சட்டைகள் அலமாரியை அடைத்துக்கொண்டு நின்றன, புதுச் சரக்கு வைக்க இடமில்லை.

பாதி விலை என்று பேனர் கட்டிவிடலாம் என்றார் இவர். முழு விலை கொடுத்தவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று சண்டை போட்டேன். ஒருமுறை பேனர் கட்டினால் அப்புறம் எல்லோரும் அடுத்த பேனருக்காகக் காத்திருப்பார்கள், நல்ல சரக்கும் சேர்ந்து படுத்துவிடும். அதனால் தேங்கிய சரக்கை அடிமாட்டு விலைக்கு வாங்கும் லாட் வியாபாரி ஒருவரிடம் மொத்தமாகத் தள்ளிவிட முடிவு செய்தோம். கழுத்து லேபிளையும் விலை அட்டையையும் நாங்கள் எடுத்துவிட வேண்டும், அவர் கர்நாடகப் பக்கம் கொண்டுபோய் விற்க வேண்டும். ஷட்டரை இறக்கிவிட்டு, திருட்டுப் பொருளை மறைப்பவர்கள் மாதிரி இருவரும் உட்கார்ந்து லேபிள் வெட்டினோம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த மாதம் ரிக் முதலாளி வீட்டில் காதுகுத்து விருந்து. அவரும் தம்பிகளும் கிளிப்பச்சையில் நின்று வரவேற்றார்கள். பந்தியில் சாம்பார் ஊற்றியவரும் கிளிப்பச்சை. இலை எடுத்தவரும் கிளிப்பச்சை. இங்கே சேலத்துப் பக்கம் மேச்சேரி சந்தையில் மலிவாகக் கிடைத்ததாம். எங்கள் வியாபாரிக்குக் கர்நாடகம் மேச்சேரியிலேயே தொடங்கிவிட்டது போலிருக்கிறது.

லேபிள்தான் இல்லையே, எந்தக் கடை என்று யாருக்குத் தெரியும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். முதலாளியோ சாம்பார்க்காரரை நிறுத்தி, சட்டைப் பொத்தானை உற்றுப் பார்த்தார். பிறகு தன்னுடையதைப் பார்த்தார். பொத்தானுக்குப் பொத்தான் எங்கள் கடைப் பெயர் பொடி எழுத்தில் பொறித்திருந்தது. உலகத் தரம் வேண்டும் என்று என் வீட்டுக்காரர் செய்த ஏற்பாடு. நான் பாதிச் சோற்றிலேயே இலையை மடித்துவிட்டேன். இவர் மட்டும் இரண்டாம் முறை பாயசம் கேட்டார்.

கல்யாண ஆர்டர் போனதுதான் என்று நினைத்திருந்தேன். ஆனால் மறுவாரமே முதலாளி கடைக்கு வந்தார். பட்டுச் சட்டை, வேட்டி எல்லாம் பொறுமையாகப் பார்த்து, குடும்பத்துக்கே எடுத்து வைத்தார். விலை குறைக்கச் சொல்லவில்லை, விருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அளவெல்லாம் குறித்து முடித்த பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அம்மணி, விலை நீங்க சொன்னதே இருக்கட்டுமுங்க. துணியும் நல்லாத்தான் இருக்குது. பொத்தான்ல மட்டும் உங்க கடைப் பேரு வேண்டாமுங்க. சம்பந்தி ஊட்டுக்காரங்க வாராங்க."