பியூரெட்டில் இரண்டு மில்லி

வில்லியனூர்ப் பக்கம் ஒரு சாராய ஆலையின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போன புதிது. ஆலைக் கழிவுக் குட்டையில் கிணற்றுத் தண்ணீரைக் கலந்து அழுக்கைக் குறைத்த பிறகு, நான் சோதித்துச் சொன்னால்தான் வாய்க்காலுக்கு மதகைத் திறப்பார்கள்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம். கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாயான பியூரெட் காட்டும் எண்ணை ஜன்னல் வழியே மேனேஜருக்குக் கத்திச் சொல்லிவிடுவோம். கணக்கு பிறகுதான். சாராய ஊறலின் புளிப்பை அளக்கும்போது அது சரி. எண் சின்னதாக இருந்தால் புளிப்பும் குறைவு.

கழிவுச் சோதனை அப்படியல்ல. மாதிரியோடு, அழுக்கை எரிக்கும் ஆரஞ்சு நிற டைக்ரோமேட்டை அளந்து அதையும் கந்தக அமிலத்தையும் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். அழுக்கு எவ்வளவோ அவ்வளவு டைக்ரோமேட் தீரும். மீந்ததைத்தான் இரும்பு உப்புக் கரைசலை விட்டு அளக்கிறோம். அன்று அழுக்கில்லாத வெறும் தண்ணீருக்கு இருபத்தைந்து மில்லி பிடித்தது. குட்டைத் தண்ணீர் இருந்த குடுவை ஆறியபோது ஆரஞ்சு நிறம் போய்ப் பச்சையாகக் கிடந்தது. நிறங்காட்டி செம்பழுப்பாக மாறியதும் பார்த்தேன், இரண்டே மில்லி.

"இன்னாபா, எவ்ளோ?" என்றார் மேனேஜர்.

"ரெண்டு மில்லி சார்!"

"அவ்ளோதானா! மதகத் தொறக்கச் சொல்லு" என்றார். எனக்கும் பசி. சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

திரும்பி வந்து கணக்கெழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. இருபத்தைந்தில் இரண்டு போக, இருபத்து மூன்றை அழுக்கே தின்றிருந்தது. டைக்ரோமேட் ஏறக்குறைய தீர்ந்துபோன நிலையில் அந்த எண்ணையும் முழுதாக நம்ப முடியாது. மாதிரியில் இன்னும் தண்ணீர் கலந்து மறுபடி செய்திருக்க வேண்டும். ஓடிப்போய் மதகை மூட வைத்தேன். அதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது.

வாய்க்காலின் முதல் வயலில் ஓர் அம்மாள் நாற்று விட்டிருந்தார். காய்ந்து கிடந்த நாற்றங்காலுக்குத் தண்ணீர் வந்ததே என்று மடையைத் திறந்து, முழுக்கப் பாய்ச்சியிருந்தார். அந்தப் பட்டத்துக்கு அவரிடம் வேறு விதை இல்லை.

நாலைந்து நாளில், வேர் கறுத்த நாற்றுப் பிடி ஒன்றோடு ஆய்வக வாசலில் வந்து நின்றார். மேனேஜர் வெளியே வரவில்லை. அவர்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது, அதைவிட என்மேல்.

"நீதான் தண்ணியப் பாத்து சொன்னியா தம்பி?"

"ஆமாம்மா."

"நல்லா பாத்துதான சொன்ன?"

"நல்லாப் பாத்துதாம்மா சொன்னேன்" என்றேன். அது பொய்யில்லை. அளவை ஒரு துளிகூடப் பிசகாமல் படித்திருந்தேன்.

அவர் தலையாட்டிவிட்டு, உள்ளே வந்து நாற்றை மேசையில் பியூரெட்டின் அடியில் வைத்துவிட்டுப் போனார். நான் சொன்னதை நம்பித்தான் போனார்.