ஸ்கேல் மேடமும் ஆறு கிலோ கட்டமும்

கல்லூரியின் கம்ப்யூட்டர் துறையில் அவருக்கு ஸ்கேல் மேடம் என்று பெயர். அடிப்பதற்கு இல்லை, கையில் அந்த ஸ்டீல் ஸ்கேல் இல்லாவிட்டால் அவருக்கு ஒரு வரி படிக்க ஓடாது. வீட்டைப் பூட்டி, பஸ் ஸ்டாப் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். "விடும்மா, பூட்டுக்கே தன் மேல சந்தேகம் வந்துடப்போகுது" என்பார் வீட்டுக்காரர்.

அன்று மதியம் இரண்டரை. மேஜை மேல் மறுமதிப்பீட்டுக்கு வந்த ஒரு விடைத்தாள். மேஜைக்குக் கீழே மேடத்தின் வலது கால் தையல் மெஷின் மிதிப்பது போல ஆடிக்கொண்டே இருந்தது. வாசலுக்கு வெளியே தாளின் சொந்தக்காரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். வாங்கியது நாற்பத்தாறு. பாஸ் ஐம்பது. ஒரு ஐந்து மார்க் கேள்வியில் முட்டை. வேலைக்கான ஆர்டர் பையில் இருக்கிறது. தேறினால்தான் அது செல்லும். நாலு மணிக்கு ஆபீஸ் அண்ணன் மார்க் பட்டியல் போகும் கவரை ஒட்டிவிட்டால் முடிந்தது கதை.

கேள்வி இதுதான்: ஆறு கிலோ தாங்கும் பை. பொருள் மூன்று. இரண்டு கிலோவுக்கு மதிப்பு 5, மூன்று கிலோவுக்கு 6, ஐந்து கிலோவுக்கு 8. ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான். அதிகபட்ச மதிப்பு எவ்வளவு? மேடம் தயாரித்த விடைக்குறிப்பில் 12. அந்தப் பெண் எழுதியது 11.

"பதினொண்ணாம், பதினொண்ணு" என்று முணுமுணுத்தபடி மேடம் அட்டவணையைக் கட்டம் கட்டமாக மறுபடி போட ஆரம்பித்தார். பொருளுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு பூஜ்யம் கிலோவிலிருந்து ஆறு கிலோ வரை ஏழு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பேரிடம் விசாரிக்க வேண்டும். நேர் மேலே இருப்பவர்: பொருளை எடுக்காவிட்டால் இவ்வளவு. அதே மேல் வரிசையில், பொருளின் எடை அளவு இடப்பக்கம் தள்ளி இருப்பவர்: அவரோடு பொருளின் மதிப்பைக் கூட்டினால், எடுத்தால் இவ்வளவு. பெரியது எதுவோ அதுதான் கட்டம்.

முதல் வரிசை: 0, 0, பிறகு ஐந்து கட்டமும் 5. சரி. இரண்டாவது வரிசை, மூன்று கிலோ பொருள்: 0, 0, 5, 6, 6, 11. கடைசியாக ஆறு கிலோ கட்டம். நேர் மேலே 5. மேல் வரிசையில் மூன்று தள்ளி 5, கூட்டல் 6, பதினொன்று. மூன்றாவது வரிசையில் ஐந்து கிலோ பொருள் வெறும் 8 தான் தந்தது. பதினொன்றை அசைக்க முடியவில்லை.

கால் நின்றது. பிறகு இரண்டு மடங்காக ஆடியது.

விடைக்குறிப்பை எடுத்து, வழக்கம்போல ஸ்கேலை வைத்தார். அப்போதுதான் தெரிந்தது. வரிசைக்குக் கீழே வைக்க வேண்டிய ஸ்கேல் மேலே உட்கார்ந்து, மேல் வரிசையையே முழுங்கிவிட்டது. விரலை மூன்று கட்டம் இடப்பக்கம் நகர்த்தினால் கண்ணில் படுவது அதே வரிசையின் 6. ஆறும் ஆறும் பன்னிரண்டு. ஒரே பொருளைப் பைக்குள் இரண்டு தடவை திணித்திருக்கிறார்! அந்த வரிசையில் மற்ற கட்டம் எல்லாம் தற்செயலாகச் சரியாக வந்துவிட்டதால் யார் கண்ணிலும் படவில்லை.

"அண்ணே!" என்று கத்தினார்.

ஆபீஸ் அண்ணன் பசை டப்பாவோடு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்த ஒண்ணை மட்டும் மாத்திடுங்க மேடம். காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சுடும்."

"பதினொண்ணு எழுதின மத்தவங்க என்ன பாவம் பண்ணாங்க? வகுப்புல நிக்க வெச்சு வேற திட்டினேன். மொத்தக் கட்டையும் எடுத்துட்டு வாங்க."

"அறுபத்துமூணு தாள் மேடம்!"

"எனக்கும் எண்ணத் தெரியும், என்ன, கொஞ்சம் கூடக் குறைய."

துறைத்தலைவர் அறைக்குள் நேராகப் போனார். "சார், ஆன்சர் கீ தப்பு. போட்டது நான்தான்."

அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "பதினோரு வருஷத்துல முதல் தப்பாம்மா?"

"பிடிபட்டதுல முதல், சார்."

அவர் சிரித்துக்கொண்டே திருத்தத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

ஸ்கேலை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, மேடம் வெறும் விரலால் தாள்களைப் பார்த்தார். பத்தொன்பது பேர் பதினொன்று எழுதியிருந்தார்கள். பத்தொன்பது பேருக்கும் மார்க் ஏறியது. நாலுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது கவரில் பசை பட்டது.

வெளியே வந்து அந்தப் பெண்ணிடம், "ஐம்பத்தொண்ணு" என்றார்.

அவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழாதே. தப்பு என்னுது, நீ எதுக்கு அழுற? மதியம் சாப்பிட்டியா?"

"இல்ல மேடம்."

"போய்ச் சாப்பிடு முதல்ல."

அவள் படியிறங்கும் வரை பார்த்துவிட்டு மேடம் உள்ளே போனார். இழுப்பறையைப் பூட்டி இழுத்துப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை.