இரண்டு பங்கும் கம்பெனியே கட்ட வேண்டும்

பிஸ்கட் கம்பெனியில் அவளை எல்லோரும் சைரன் என்றுதான் கூப்பிட்டார்கள். பேக்கிங் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமே என்று கத்திக் கத்தியே, வீட்டிலும் பஸ்ஸிலும்கூட அதே குரல் அவளுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒருமுறை டாக்டரிடம் தன் வயிற்று வலியைப் பற்றி ரகசியமாகச் சொன்னாள். வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள், அவள் கதவைத் திறந்ததும் ஆளுக்கொரு கைவைத்தியம் சொன்னார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு, பி.எஃப். வழக்கில் உத்தரவு வந்துவிட்டதென்று வக்கீலம்மா போனில் சொன்னபோது குரலே எழும்பவில்லை. “வரேம்மா” என்றது அவளுக்கே கேட்கவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தலையில் மாட்டியிருந்த வலைத்தொப்பியைக் கழற்றக்கூடத் தோன்றாமல் பஸ் ஏறிவிட்டாள்.

அவளை நிரந்தரமாக்குவதற்கு முன் நாலு வருஷம் ‘டிரெய்னி’ என்று வைத்திருந்தார்கள். பேர்தான் பயிற்சி. வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் பாக்கெட் ஒட்டும் சூட்டைச் சரிபார்க்கக் கற்றுக்கொடுத்தது அவள்தான். அந்த நாலு வருஷமும் சம்பளம் பதினைந்தாயிரத்தை விட்டு நகரவில்லை. பி.எஃப். என்று ஒரு காசு பிடிக்கவுமில்லை, கட்டவுமில்லை. நிரந்தரமான கையோடு அவளோடு சேர்த்து எட்டுப் பெண்கள் பி.எஃப். ஆபீசில் மனு கொடுத்தார்கள். அவளுடைய சொந்தத் தங்கையும் அதில் ஒருத்தி.

பர்சனல் மேனேஜர் அவர்களை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டார். மிரட்டவில்லை. காபி வரவழைத்தார். “கேஸ் ஜெயிச்சா எங்க பங்கை நாங்க கட்டிடுவோம்மா. ஆனா உங்க பங்குன்னு ஒண்ணு இருக்கில்ல? நாலு வருஷத்துக்கு எண்பத்தாறாயிரத்துச் சொச்சம். அதைச் சம்பளத்துலதான் பிடிக்கணும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார். காபி ஆறுவதற்குள் மற்ற ஏழு பேரும் ஒவ்வொருத்தியாக மனுவை வாபஸ் வாங்கினார்கள். தங்கையும் வாங்கினாள். அன்றிலிருந்து அக்கா ஒரு மேசையிலும் தங்கை ஒரு மேசையிலுமாகச் சாப்பிட்டார்கள்.

சைரன் வாபஸ் வாங்கவில்லை. கட்டித்தானே ஆக வேண்டும், கட்டிவிட்டுப் போகிறேன் என்று ஓவர்டைம் பார்க்க ஆரம்பித்தாள். அந்தக் காசைத் தனிக் கணக்கில் போட்டுவந்தாள். நாற்பதாயிரம் வரைக்கும் சேர்ந்திருந்தது.

வக்கீலம்மாவின் அலுவலகம் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. மேசைமேல் உத்தரவு தடிமனாகக் கிடந்தது.

“ஜெயிச்சோமா தோத்தோமா, அதை மட்டும் முதல்ல சொல்லிடுங்கம்மா.”

“ஜெயிச்சாச்சு. முழுசா இல்ல, முக்கால்வாசி. உக்காருங்க.”

“இவ்வளவையும் நான் எப்படிப் படிக்கிறது? பல்லை உடைக்கிற பாஷையா இருக்கே.”

“நீங்க படிக்க வேணாம். ஒரே பக்கத்துல எழுதித் தர்றேன். புரியாத வார்த்தை ஒண்ணு இருந்தாலும் கேளுங்க, மாத்திடுறேன்.”

வக்கீலம்மா உத்தரவைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டினாள். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள்.

“டிரெய்னின்னு சொன்னது செல்லாது, நீங்க தொழிலாளிதான். மாசம் பதினஞ்சாயிரத்துக்குப் பன்னிரண்டு சதவீதம்னா ஆயிரத்தெண்ணூறு. தொழிலாளி பங்கு அவ்வளவு, கம்பெனி பங்கும் அவ்வளவு. நாப்பத்தெட்டு மாசத்துக்கு ஒவ்வொரு பங்கும் எண்பத்தாறாயிரத்து நானூறு. ரெண்டும் சேர்ந்து ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரத்து எண்ணூறு.”

சைரன் நாற்காலி நுனிக்கு வந்தாள். “அதுல என் பங்கை எப்போ கட்டணும்? கொஞ்சம் சேர்த்து வெச்சிருக்கேன். மிச்சத்துக்குத் தவணை கொடுப்பாங்களா?”

வக்கீலம்மாவின் விரல்கள் நின்றன. “நீங்க ஏன் கட்டணும்?”

“மேனேஜர் சொன்னாரே.”

வக்கீலம்மா பக்கங்களைப் புரட்டி ஒரு பத்தியில் விரலை வைத்தாள். “இங்கே இருக்கு. அந்தந்த மாசச் சம்பளத்துல பிடிக்காம விட்டது கம்பெனியோட தப்பு. பின்னால வர்ற சம்பளத்துல அதைப் பிடிக்கக் கூடாது. ரெண்டு பங்கையும் கம்பெனியே கட்டணும். உங்க கையிலேர்ந்து ஒரு பைசா போகாது.”

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னாள். சைரன் எழுந்து ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். “அந்த வரியைப் பெரிய எழுத்துல போடுங்கம்மா. எல்லாத்துக்கும் மேல போடுங்க.”

“போட்டாச்சு. வட்டியைக் கேளுங்க. ஒவ்வொரு மாசத் தொகைக்கும் அது கட்ட வேண்டிய நாள்லேர்ந்து வருஷத்துக்குப் பன்னிரண்டு சதவீதம், தனி வட்டி. ஜூன் முடிய எண்பத்திரண்டாயிரத்து எண்பது. இது நிக்காது. கட்டுற வரைக்கும் மாசம் ஆயிரத்து எழுநூத்து இருபத்தெட்டு ஏறிட்டே இருக்கும்.”

“அவங்களுக்கா எனக்கா?”

“அவங்களுக்குச் செலவு, உங்களுக்கு வரவு. கெடு என்னன்னா, உத்தரவு கம்பெனி கைக்குக் கிடைச்சதிலேர்ந்து முப்பது நாள். ஜூலை நாலாம் தேதி கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க. ஆகஸ்ட் மூணுக்குள்ள கட்டணும். அப்பீல் போகலாம், ஆனா தடை வாங்காத வரைக்கும் கெடு கெடுதான். தவறினா அவங்க பேங்க் கணக்கையே முடக்கலாம்.”

கசப்பானதையும் வக்கீலம்மா மறைக்கவில்லை. ஓவர்டைம் கூலிக்கும் பி.எஃப். கேட்டிருந்தது தள்ளுபடி. கம்பெனிக்குப் போட்ட அபராதம் பி.எஃப். ஆபீசின் பொது நிதிக்குப் போகும், அவளுக்கு வராது. மற்ற பணமும் கையில் கிடைக்காது, பி.எஃப். கணக்கில்தான் ஏறும். அதெல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும் நேரத்துக்கு சைரன் கம்பெனி கேன்டீனுக்குள் நுழைந்தாள். லீவு போட்டவள் எதற்கு வந்தாள் என்று எல்லோரும் நிமிர்ந்தார்கள். தாளை விரித்தாள். காலையிலிருந்து காணாமல் போயிருந்த குரல், வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது.

“இரண்டு பங்கையும் கம்பெனியே கட்ட வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.”

சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. அவள் கடைசி வரிவரைக்கும் வாசித்தாள். தள்ளுபடியானதையும் விடவில்லை. முடிப்பதற்குள் ஏழெட்டுப் போன்கள் அந்தத் தாளைப் படம் பிடித்துவிட்டன.

தங்கை சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் நின்றாள்.

“நான்தான் வாபஸ் வாங்கிட்டேனே, அக்கா. எனக்கு அவ்வளவுதானா?”

“அதையும் கேட்டுட்டுத்தான்டி வந்தேன். உன் மனுவை யாரும் விசாரிச்சு முடிக்கல. புதுசாப் போடலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வக்கீலம்மா வரச் சொன்னாங்க. எல்லாரையும்தான்.”

“உனக்கு எம்மேல கோபம் இல்லையா?”

“இருக்கு. முதல்ல சாப்பிடு, அப்புறம் திட்டுறேன்.”

தங்கை சிரித்துக்கொண்டே அழுதாள். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜெராக்ஸ் கடைப் படிக்கட்டில் நிற்க இடமில்லை. மேனேஜர் அறையிலேயே வேலை பார்க்கும் கணக்கு குமாஸ்தா, ஹெல்மெட்டைக் கழற்றாமலே வரிசையில் நின்றான். அவனும் நாலு வருஷம் ‘டிரெய்னியாக’ இருந்தவனாம்.

கம்பெனி அப்பீல் போகவில்லை. ஜூலை முப்பத்தொன்றாம் தேதியே கட்டிவிட்டது. ஒரு வாரம் கழித்து சைரனின் போனுக்குத் தகவல் வந்தது: ஜூலை வட்டியும் சேர்த்து இரண்டு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து அறுநூற்று எட்டு. வரிசையில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அடுத்த வரிசையைப் பார்த்துத் தங்கையைக் கூப்பிட்டாள். இரண்டு மாடி தள்ளி, மாவு பிசைகிற இடத்திலும் கேட்டதாகச் சொன்னார்கள்.

ஓவர்டைமில் சேர்த்த நாற்பதாயிரத்தை என்ன செய்யலாம் என்று அக்காவும் தங்கையும் பஸ்ஸில் வீடு போகும்வரை சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.