ஒரு கோடும் இரண்டு புள்ளியும்

கடிதம் வந்தால் ஹதாஸ் முதலில் சிவப்புப் பேனாவைத்தான் தேடுவாள். படிப்பதெல்லாம் அப்புறம்.

ஜெருசலேமின் மேற்குக் கோடியில், மூன்றாம் மாடியில், ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான தன் அப்பா மெனஷேயோடு அவள் இருந்தாள். முப்பத்துநான்கு வயது. எபிரேயத்தில் எழுத்தென்று எழுதுவது பெரும்பாலும் மெய்தான். உயிர் அதன் அடியில் புள்ளியாகவும் கோடாகவும் வந்து ஒட்டிக்கொள்ளும். பதிப்பகங்கள் அனுப்பும் பிரார்த்தனை நூல்களுக்கு அந்தப் புள்ளியும் கோடும் இட்டுக் கொடுப்பது அவள் வேலை. மீதி நேரத்தில் ரபியாக, அதாவது யூத மதகுருவாக, ஆகப் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு எபிரேயம் சொல்லிக்கொடுத்தாள்.

ஊர் திரும்பிய மாணவர்கள் மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். கையால், எல்லாப் புள்ளிகளோடும். அவள் சிவப்பில் திருத்தித் திருப்பி அனுப்புவாள்.

ஒராசியோவின் கடிதம் எழுதி ஏழு வாரம் கழித்து வந்து சேர்ந்தது. அர்ஜென்டினாக்காரர். ஐம்பத்திரண்டு வயது, கால்நடை மருத்துவராக இருந்துவிட்டு, மனைவியை விட்டுப் பிரிந்த பிறகு ரபியாகப் போகிறேன் என்று கிளம்பியவர். ஜெருசலேமில் ஒரு வருடம் அவளிடம் படித்தார். இப்போது போனஸ் அயர்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டே, சனிக்கிழமைதோறும் தொலைவில் ஒரு சின்ன ஊருக்குப் பிரார்த்தனை நடத்தப் போய்வந்தார்.

முதல் பக்கத்தில் நான்கு பிழை. 'டோன் இசித்ரோவின் மனைவி பெர்தா இறந்தான்' என்று எழுதியிருந்தார். ஹதாஸ் வினையைச் சிவப்பில் 'இறந்தாள்' ஆக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் பேனா நின்றது. யாரோ ஒரு பெண் செத்துப்போனதைத் திருத்தியிருக்கிறோம், படிக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதலிலிருந்து படித்தாள்.

அந்தச் சின்ன ஊர் 'டோன்' என்று மரியாதையாக அழைக்கும் இசித்ரோவுக்கு எண்பத்தொரு வயது. பிள்ளைகள் இல்லை. மனைவிக்காகப் பதினொரு மாதம் கதீஷ் சொல்வதென்று தீர்மானித்திருந்தார். இறந்தவருக்காகச் சொல்லும் அந்தப் பிரார்த்தனைக்குப் பத்துப் பேர் கூட வேண்டும். அந்த ஊரில் கூடுவது சனிக்கிழமை மட்டும்தான். அதுவும் பிரார்த்தனை நடத்த வருபவரையும் சேர்த்துச் சரியாகப் பத்துப் பேர்.

"எட்டு மாதம் அவர் 'யித்கதல்' என்றே சொல்லிவந்தார். நான் போன முதல் சனிக்கிழமை, எல்லோர் முன்னாலும், 'யித்கதேல்' என்பதே சரி என்றேன். உங்கள் குறிப்பை வைத்துத்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார். அடுத்த வாரம் முதல் சொல்லிலேயே திக்கினார். அதற்கடுத்த வாரமும். இப்போது வந்து பின்வரிசையில் நிற்கிறார், வாயே திறப்பதில்லை. டீச்சர், அவர் பழையபடி சொல்லலாமா? பதினொரு மாதம் முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கிறது."

குறிப்பு அவளுடையதுதான். கதீஷ் அரமேய மொழியில் உள்ளது. ஆனால் 'பெருமை பெறுக, புனிதம் பெறுக' என்னும் முதல் இரண்டு சொற்களும் எபிரேயம் என்று ஒரு கட்சி உண்டு. அரமேயம் என்று கொண்டால் 'யித்கதல்'. எழுத்தின் கீழே ஒரு கோடு. எபிரேயம் என்று கொண்டால் 'யித்கதேல்'. பக்கம் பக்கமாக இரண்டு புள்ளி. உலகத்தில் பெரும்பாலோர் கோட்டோடுதான் சொல்கிறார்கள். ஹதாஸ் புள்ளிக் கட்சி. 'தப்பாகக் கேட்டால் திருத்தாமல் விடாதீர்கள்' என்று வகுப்பில் சொன்னவளும் அவள்தான்.

அப்பா சமையலறையில் கறி அடைத்த கூபே உருண்டைகளைச் சூப்பில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, அம்மா போனப்ப உங்களுக்கும் நான் கதீஷைத் திருத்தினேன் இல்ல?"

"திருத்தின. அம்மாவைப் பொதைச்ச மறுநாளே."

"நீங்க மாத்திக்கிட்டீங்கதானே?"

மெனஷே கரண்டியைத் தட்டில் வைத்தார். "முதல் வாரம் மாத்திக்கிட்டேன். அந்தச் சொல்லு வந்தா வண்டி ஆஃப் ஆகி நின்னுடும். ஜெபக்கூடத்துல எசேக்கியேல் இருந்தான்ல, அவன் கேட்டான், 'என்ன மெனஷே, பொண்ணு உன் வாய்க்கும் புள்ளி வெச்சுட்டாளா'ன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, உன் முன்னாடி உன்னுது, அங்க போனா என்னுது. கல்லறையில நீ பக்கத்துல நிப்ப, அதனால உன்னுது."

"பதினோரு வருஷமாவா? சொல்லியிருக்கலாமேப்பா."

"படிச்ச பொண்ணு. ஆசையாச் சொன்ன. விடு." அவர் மறுபடி கரண்டியை எடுத்தார். "ஆனா ஒண்ணும்மா. உன்னுதைச் சொல்றப்ப உங்கம்மா ஞாபகம் வரல. உன் புள்ளிதான் ஞாபகம் வந்துச்சு."

ஹதாஸ் கூடத்துக்கு வந்து ஒராசியோவுக்குப் போன் போட்டாள். அங்கே காலைநேரம்.

"டீச்சர், போன்லயே திருத்தப் போறீங்களா?" என்று சிரித்தார் அவர்.

"அவர் பழையபடியே சொல்லட்டும். ரெண்டும் செல்லும். உடனே போய்ச் சொல்லுங்க."

அவர் சிரிப்பு நின்றது. "பதினோரு மாசம் போன வியாழக்கிழமையோட முடிஞ்சுபோச்சு டீச்சர். முந்தின சனிக்கிழமை வந்தார். நின்னார். போயிட்டார்."

"அன்னிக்கே ஏன் நீங்க போன் பண்ணலை?"

"எபிரேயத்துல எழுதினாதான் என் தப்பு எனக்குப் புரியும்னு நெனச்சேன். நீங்க சொன்னதுதான்."

அவள் நெற்றியைத் தேய்த்தாள். "பெர்தாவோட வருஷ நாள் வருமில்ல? அன்னிக்குச் சொல்லலாம்."

"இன்னும் மூணு வாரம் இருக்கு. பத்துப் பேரைச் சேர்த்துடலாம். ஆனா அவர் வாயத் தொறக்கணுமே."

"நான் எழுதித் தரேன். டீச்சரே சொல்லிட்டாங்கன்னு காட்டுங்க."

அன்று பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து கதீஷைப் பெரிய எழுத்தில் எழுதினாள். முதல் சொல்லில், பதினைந்து வருடமாக எந்தப் புத்தகத்திலும் மனமொப்பி இடாத அந்தக் கோட்டை இட்டாள். படமெடுத்து அனுப்பினாள். அச்செடுத்து இசித்ரோவிடம் கொடுத்துவிட்டதாக மறுவாரம் ஒரு வரி வந்தது. பிறகு ஒன்றுமில்லை. வருஷ நாளும் கடந்தது. சட்டப்படி அவள் கடிதத்துக்குக் காத்திருந்தாள்.

அது வந்தபோது பேனாவை எடுக்காமல் உறையைப் பிரித்தாள்.

"பத்துப் பேர் வந்திருந்தோம். இருவர் பக்கத்து ஊரிலிருந்து. டோன் இசித்ரோ கோட் அணிந்து வந்தார். உங்கள் தாளைக் கையில் வைத்திருந்தார். 'யித்' என்றார். நின்றார். என்னைப் பார்த்தார். உங்களுடையதையே சொல்லுங்கள் என்றேன். மறுபடி 'யித்' என்றார். எது அவருடையது என்று அவருக்கே மறந்துவிட்டது, டீச்சர். மூன்றாம் முறைக்குப் பிறகு நானே சொன்னேன், கோட்டோடு. அவர் ஆமேன் மட்டும் சொன்னார்.

"வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'நீ வருவதற்கு முன்னால் எட்டு மாதம் சொன்னேனே, அதெல்லாம் பெர்தாவுக்குப் போய்ச் சேரவில்லையா?' என்று கேட்டார். எல்லாம் சேர்ந்திருக்கும் என்றேன். 'நீ பேசாமல் மாட்டு டாக்டராகவே இருந்திருக்கலாம்' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர் வருவதில்லை. நாங்கள் ஒன்பது பேர் கூடிக் கலைகிறோம்."

இரண்டு பக்கத்திலும் ஒரு பிழைகூட இல்லை. 'பெர்தா' வரும் இடமெல்லாம் வினை பெண்பாலில் சரியாக இருந்தது. முன்பெல்லாம் அப்படி ஒரு பக்கம் வந்தால் மூலையில் சிவப்பில் 'அருமை' என்று எழுதுவாள்.

"என்ன எழுதியிருக்காரு அந்த மாட்டு டாக்டர்?" என்று சமையலறையிலிருந்து அப்பா கேட்டார்.

"ஒண்ணுமில்லப்பா. இனிமே ஒன்பது பேர்தானாம்."

மெனஷே வந்து கதவருகில் நின்றார்.

"அப்பா, அடுத்த மாசம் அம்மா நாளுக்கு நான் கல்லறைக்கு வரலை. நீங்க போயிட்டு வாங்க."

"நீ வராம எப்படி?"

"வரேன். கேட்டுக்கு வெளியே நிக்கறேன். நீங்க சொல்லி முடிச்சதும் கூப்பிடுங்க."

"சரிம்மா," என்றார்.