வெள்ளிக்கிழமைத் தேதி போட்ட ஃபைல்கள்

என் தம்பி மகனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். எல்லாருக்கும் அவன் நிதானம். சின்ன வயதில் சட்டைப் பொத்தானைக் கீழிருந்து மேலாக எண்ணி எண்ணிப் போடுவான். தாய் போனபின் அவனை வளர்த்தது அவனுடைய அக்காதான். அவளுக்குக் கல்யாணமானதும் இவனும் கூடவே போனான். சீரோடு சீராக வந்தவன் என்று மாப்பிள்ளை வீட்டில் கேலி பேசினார்கள். பிறகு நானும் போய் ஒட்டிக்கொண்டேன், அதை யாரும் கேலிகூடப் பண்ணவில்லை.

மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கடை. வருகிற பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டி வரிசையில் வைப்பது என் வேலை. பழுது பார்ப்பது அவரும் நிதானமும். மாப்பிள்ளைக்குக் கை வேகம். ஏதாவது ஒரு ஃபைல் இல்லை என்று திரையில் வந்தால், கழுத்தில் மாட்டியிருக்கும் பென்டிரைவைச் செருகுவார். புரோகிராம்கள் ஓடத் துணைக்கு வேண்டிய டி.எல்.எல். ஃபைல் நானூறு அதில் இருந்தது. எந்தெந்த வெப்சைட்டிலிருந்தோ சேர்த்தது. பெயர் ஒத்துப்போனால் எடுத்துப் போட்டுவிடுவார். சில சமயம் ஓடும். நிதானம் அப்படிச் செய்ய மாட்டான். திரையில் வந்ததை எழுத்து விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டு, அந்த ஃபைல் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று பார்த்து, முழுத் தொகுப்பையும் முறையாக நிறுவுவான். மூன்று மணி நேரமானாலும் ஆகட்டும் என்பான்.

அந்த வருஷம் கேம் சென்டர் நடத்துகிற அம்மா ஒருத்தி எங்களிடம் பத்துப் புது மெஷின் வாங்கினாள். சனிக்கிழமை அங்கே போட்டி. ஆடப்போவது பதினைந்து வருஷத்துப் பழைய கார் பந்தய கேம். அவள் சென்டருக்கு வருகிற பையன்களுக்கு அதுதான் உயிர். போட்டி நல்லபடி முடிந்தால் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் எங்களுக்கே தருவதாகச் சொல்லியிருந்தாள். அது வந்தால் அவள் தெருவிலேயே இரண்டாவது கடை, அதற்கு நிதானம்தான் பொறுப்பு என்று மாப்பிள்ளை வாய்விட்டுச் சொன்னார். அவர் பார்த்து வைத்திருந்த இடத்தில் கடைக்குப் பின்னால் ஓர் அறையும் இருந்தது. முப்பத்திரண்டு வயது வரை அக்கா வீட்டுக் கூடத்தில் பாய் சுருட்டியவன் அவன். அந்த அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று என்னிடம் இரண்டு முறை கேட்டான்.

வியாழக்கிழமை காலை மாப்பிள்ளை முதலில் போனார். கேம் எழும்பவில்லை. MSVCP100.dll இல்லை என்றது. பென்டிரைவிலிருந்து எடுத்து விண்டோஸின் System32 ஃபோல்டருக்குள் போட்டார். மறுபடியும் அதே பேச்சு. கேமின் ஃபோல்டருக்குள்ளேயே போட்டார். இப்போது பேச்சு மாறி, 0xc000007b என்று ஒரு எண் வந்தது. நிதானத்துக்குப் போன் போட்டார்.

நானும் அவனோடு போனேன். புது மெஷின்களில் சிடி போடும் இடமே கிடையாது. அதனால் வெளியே மாட்டுகிற சிடி டிரைவ் ஒன்றை எடுத்து வந்திருந்தான். மாப்பிள்ளை போட்டதை முதலில் அழித்தான். விண்டோஸும் மாப்பிள்ளை போட்ட ஃபைலும் அறுபத்துநாலு பிட், கேம் முப்பத்திரண்டு பிட். கேமுக்கு அதன் அளவுக்கான தொகுப்புத்தான் வேண்டும். கேம் சிடியிலேயே அது இருந்தது, நிறுவினான். அடுத்து d3dx9_43.dll இல்லை என்றது. புது விண்டோஸில் படம் காட்டுவதற்கான புது டைரக்ட்எக்ஸ் இருந்தாலும் பழைய கேம் கேட்கிற துணை ஃபைல்கள் கூட வராதாம். அதே சிடியிலிருந்த பழைய டைரக்ட்எக்ஸ் தொகுப்பையும் நிறுவினான். கேம் எழும்பியது. பத்திலும் இப்படியே செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான்.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். “பெரியப்பா, கேம் மொதல்ல தன் வீட்டுக்குள்ளதான் தேடும். அங்க அந்தப் பேருல எது கெடச்சாலும் அதத்தான் எடுக்கும். அளவு ஒத்துக்கலன்னா அதோட நின்னுடும், வெளிய நல்லது இருந்தாலும் போய்ப் பாக்காது” என்றான்.

அந்த அம்மா மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “இனிமே நீங்க வராட்டியும் பரவால்ல, இந்தத் தம்பிய அனுப்புங்க போதும்” என்றாள். மாப்பிள்ளையும் சிரித்தார். வழியெல்லாம் கழுத்துப் பென்டிரைவை விரலில் உருட்டிக்கொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை என்னை மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு சென்டருக்கு வரச் சொன்னார், போனேன். அந்த அம்மா சாப்பிடப் போயிருந்தாள், வேலைக்காரப் பெண் கதவைத் திறந்துவிட்டாள். நாற்காலி நாற்காலியாக உட்கார்ந்து, பென்டிரைவில் இருந்த நானூறையும் கேமின் ஃபோல்டரில் கொட்டினார். இருக்கிறதை மாற்றவா என்று அது கேட்டபோதெல்லாம் ஆமாம் என்று அமுக்கினார். நிதானம் அன்று சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன்.

“அன்னைக்கு ஒண்ணே ஒண்ணு போட்டதாலதான் சண்டை மாமா. மொத்தமாப் போட்டா ஒண்ணுக்கொண்ணு துணை. நாளைக்கு எது இல்லன்னும் ஒரு பய சொல்ல முடியாது” என்றார்.

பத்தில் ஒன்றைக்கூட ஓட்டிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பத்துத் திரையிலும் அந்த எண். அறுபது பையன்கள் நின்றார்கள். நிதானம் ஓடினான், பின்னால் நாங்களும். ஃபோல்டரைத் திறந்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அழித்தால் மட்டும் தீரவில்லை. கேமுக்குச் சொந்தமான ஃபைல்கள் சிலவற்றின் மேலும் வேறு ஃபைல் விழுந்திருந்தது. மெஷின் மெஷினாகக் கேமை எடுத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். சிடி டிரைவோ ஒன்று. மூன்றாவது மெஷின் முடிவதற்குள் பையன்கள் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு சென்டருக்குப் போய்விட்டார்கள்.

அந்த அம்மா நடுவில் வந்து நின்று, யார் கை வைத்தது என்று கேட்டாள்.

“எல்லா மெஷினும் இவன்தான் பண்ணான், நீங்களே பாத்தீங்க” என்றார் மாப்பிள்ளை.

நிதானம் எழுந்திருக்கவில்லை. தொடாமல் வைத்திருந்த பத்தாவது மெஷினைக் காட்டினான். “மேடம், இந்த ஃபைலெல்லாம் வந்த தேதியப் பாருங்க. வெள்ளிக்கிழம. நான் வியாழக்கிழமையோட போய்ட்டேன். பெரியப்பாவும் அன்னைக்கு என்கூடத்தான் வந்திருந்தாரு, கேளுங்க.”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அவர் வீட்டுச் சோறு ஒன்பது வருஷமாக என் தட்டில் விழுகிறது.

“எனக்கு இந்த மெஷின் வெவகாரமெல்லாம் தெரியாதும்மா. நான் சீட்டு ஒட்டுறவன்” என்றேன்.

அவள் வேலைக்காரப் பெண்ணைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தேதியையும் குனிந்து பார்க்கவில்லை. கோபத்தில் இருக்கிறவளுக்குக் கிழவன் சொல் போதுமாக இருந்தது. இந்தப் பையன் இனி என் வாசல் மிதிக்கக் கூடாது, மற்றதை அப்புறம் பேசலாம் என்றாள். மாப்பிள்ளை உடனே தலையாட்டினார். நிதானம் மறுபடி உட்கார்ந்து மிச்சத்தையும் முடித்தான். நாலு மணிக்குப் பத்தும் ஓடின. பத்து நாற்காலியும் காலி.

வீட்டுக்கு வந்ததும் அவன் அக்கா கேட்டாள். அவன் நடந்ததைச் சொன்னான். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை, புருஷன் பக்கமும் திரும்பவில்லை. தம்பியிடம்தான் சொன்னாள். “நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்டா. சபையில வச்சுத் தேதி காட்டணுமா?”

அவன் இரண்டு சட்டையை மடித்தான், அதே பொத்தான் வரிசையில். இப்போது வேறு ஊரில் ஒரு கிடங்கில் பில் போடுகிற மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறானாம். அக்காவுக்கு மட்டும் போன் வரும். நான் பக்கத்தில் இருக்கிறேனா என்று கேட்டுவிட்டுத்தான் பேசுவான்.

மூன்றாம் மாதம் அந்த அம்மா சமாதானமானாள், இரண்டாவது கடையும் திறந்தது. மாப்பிள்ளையின் சொந்தத் தம்பி பார்த்துக்கொள்கிறான். பின்னால் இருக்கிற அறையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் கிழக்குப் பக்கம்.