பாயிஸா மேடம் போர்டில் எழுத மறந்த வரி

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் ஒன்பது வருடமாக ஜாவாஸ்கிரிப்ட் சொல்லிக்கொடுக்கும் பாயிஸாவுக்கு, காப்பியடிப்பவர்களைக் கண்டாலே ஆகாது. அன்று லேபில், வெள்ளிமலையிலிருந்து பஸ் பிடித்து வரும் செந்தமிழ்ச்செல்வியின் அசைன்மென்ட்டைத் திறந்தார். பெயரை நிரப்பாமல் சப்மிட் பட்டனை அழுத்தினால் 'பெயரை எழுதவும்' என்று சிவப்பில் வந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை.

"வருதுங்க மேடம். வந்தவுடனே பூடுதுங்க" என்றாள் செல்வி.

"யாருகிட்ட வாங்கி ஒட்டுன? மத்தவங்களுக்கெல்லாம் சரியா வருது, உனக்கு மட்டும் இன்னா?"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. செல்வி நோட்டை விரித்துக் காட்டினாள். போன வாரம் பாயிஸா போர்டில் எழுதிப்போட்ட அதே புரோகிராம், ஓர் எழுத்து பிசகாமல் இருந்தது. அதில், படிவத்தைப் போகவிடாமல் பிடித்து வைக்கும் பிரிவென்ட் டிஃபால்ட் என்கிற வரி இல்லை. அது இல்லாததால் சிவப்பு எழுத்து தோன்றியதுமே படிவம் தன்பாட்டுக்குப் போய்விடுகிறது. பக்கம் புதிதாகத் திறந்து எழுத்தைத் துடைத்துவிடுகிறது. எழுத மறந்தது பாயிஸாதான்.

மற்றவர்கள் அந்த வரி உள்ள புரோகிராமை செல்போனில் தேடி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அவர்களைத்தான் சற்றுமுன் 'சரியா வருது' என்று பாராட்டினார். அவரை நம்பி எழுதியவள் இவள் ஒருத்திதான்.

முகம் சுட்டது. குனிந்து, அந்த வரியைத் தானே தட்டினார். சிவப்பு எழுத்து வந்து நின்றது.

"உன் தப்பு இல்லம்மா, என் தப்பு" என்றார்.

திட்டியது கடைசி பெஞ்சுவரை கேட்டிருந்தது. இது பக்கத்திலிருந்த செல்விக்கே கேட்கவில்லை.

"இன்னாங்க மேடம்?"

பாயிஸா அடுத்த கம்ப்யூட்டருக்கு நகர்ந்துவிட்டார்.